திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று: கிரான்பெர்ரியும் நாட்டு மூலிகைகளும் எவ்வளவு உதவும்?

வருடத்தில் மூன்று நான்கு முறை நீர்க்கடுப்பு வருகிறது. கிரான்பெர்ரி மாத்திரை சாப்பிட்டால் அடியோடு நின்றுவிடுமா, டாக்டர்?

அடியோடு நிற்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. வரும் வாய்ப்பு ஓரளவு குறையும் என்பதே உண்மை நிலவரம். ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஓராண்டில் மூன்று முறையோ தொற்று வந்தால் அதை 'மீண்டும் மீண்டும் வரும் தொற்று' என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டி, காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட மறு ஆய்வின்படி, கிரான்பெர்ரி எடுத்தவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதாவது, ஒன்றும் எடுக்காத நூறு பேரில் நாற்பது பேருக்குத் தொற்று வரும் என்று வைத்துக்கொண்டால், கிரான்பெர்ரி எடுக்கும் நூறு பேரில் சுமார் முப்பது பேருக்கு வரும். பத்துப் பேர் தப்பிக்கிறார்கள் என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த முப்பது பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

அதே அமைப்பு 2012-இல் வெளியிட்ட முந்தைய பதிப்பில், குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்றே முடிவு கூறப்பட்டிருந்தது. பிறகு வந்த சோதனைகள் சேர்ந்த பின்னரே முடிவு மாறியது. ஆகவே ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால், அவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல.

இப்போதே எரிச்சல் இருக்கிறது. கிரான்பெர்ரி ஜூஸ் குடித்தே சரிசெய்துகொள்ளக் கூடாதா?

கூடாது. கிரான்பெர்ரி வருமுன் காப்பதற்கானது. வந்த தொற்றைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகளுக்குக் காரணம் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா. அது மலவாய்ப் பகுதியிலிருந்து சிறுநீர்த் துவாரம் வழியாக மேலேறி, தன் உடலில் உள்ள நுண்ணிய இழைகளால் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பிடித்துக்கொள்கிறது. கிரான்பெர்ரியில் உள்ள புரோஆந்தோசயனிடின் என்ற பொருள், ஆய்வுக்கூடத்தில் பார்க்கும்போது, இந்தப் பிடிமானத்தைத் தடுக்கிறது. உடலுக்குள் அது இதே வழியில்தான் வேலை செய்கிறதா என்பது இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை. எப்படியானாலும், நெருஞ்சி முள் துணியில் ஒட்டுவதற்கு முன் தட்டிவிடுவது எளிது, ஒட்டி ஏறிய பிறகு உதறினால் போகாது என்பதைப் போன்றதே இது. பாக்டீரியா பிடித்துப் பெருகி, எரிச்சலும் அடிக்கடி கழிக்கும் உணர்வும் தொடங்கிவிட்ட பின் கிரான்பெர்ரிக்கு அங்கே வேலையில்லை.

எனக்கு வருவது தொற்றுதானா என்று எப்படித் தெரியும்? வெயில் காலத்தில் எல்லோருக்கும் நீர் கடுக்கத்தானே செய்கிறது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். கத்திரி வெயிலில் மதுரையில் நாள் முழுவதும் வெளியில் அலைந்தவருக்குச் சிறுநீர் அளவு குறைந்து, அடர் மஞ்சளாகி, கழிக்கும்போது எரிவது வழக்கம். அது வெறும் அடர்த்தியால் வரும் எரிச்சல் என்றால், நன்றாகத் தண்ணீர் குடித்து இரண்டு மூன்று முறை கழித்ததும் அடங்கிவிடும். தொற்று அப்படி அடங்காது. கழித்து முடித்த கையோடு மறுபடியும் கழிக்க வேண்டும் என்ற உந்துதல் வரும், போனால் சில சொட்டுகளே வரும், அடிவயிறு வலிக்கும், சிறுநீர் கலங்கியிருக்கும். எரிச்சலோடு அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால், அது பெண்ணுறுப்பில் வந்த பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும், ஏனென்றால் அம்மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அதற்குக் கிரான்பெர்ரி எந்த வகையிலும் உதவாது.

சந்தேகத்தைத் தீர்ப்பது, சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் 'பஸ் செல்ஸ்' எனப்படும் சீழ் அணுக்கள் கூடுதலாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு கட்ட முடியாது. வெள்ளைப்படுதல் கலந்தாலும் அது கூடும். கல்ச்சருக்குக் கொடுக்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். பெண்ணுறுப்பைத் தண்ணீரால் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும், ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய டப்பாவில், மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடிக்க வேண்டும். வீட்டில் கழுவிக் காயவைத்த மாத்திரை டப்பாவில் பிடித்து, உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வெயிலோடு கொண்டுவந்தால், வழியிலேயே கிருமிகள் பெருகி, இல்லாத தொற்று ரிப்போர்ட்டில் தெரியும். பிடித்த சிறுநீர் இரண்டு மணி நேரத்திற்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆய்வகத்திலேயே பிடித்துக் கொடுப்பதே தொல்லையில்லாத வழி.

மருந்துக் கடையில் பல வகை கிரான்பெர்ரி டப்பாக்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

டப்பாவின் முன்புறம் பெரிய எழுத்தில் '500 மி.கி.' என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பழச்சாற்றுப் பொடியின் எடை. அதில் வேலை செய்யும் பொருள் எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியாது. டப்பாவைத் திருப்பி, பின்புறம் சிறிய எழுத்தில் புரோஆந்தோசயனிடின் அல்லது PAC என்று தனியாக எத்தனை மில்லிகிராம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சோதனைகளில் அதிகம் பயன்பட்ட அளவு, நாளொன்றுக்கு 36 மில்லிகிராம் PAC. அந்த எண்ணே இல்லாத டப்பாவை நான் வாங்கச் சொல்வதில்லை. இவை பெரும்பாலும் மருந்தாக அல்லாமல் உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகின்றன. மருந்துக்குரிய கண்டிப்பான சோதனை இவற்றுக்கு இல்லை.

கடைகளில் கிரான்பெர்ரியுடன் டி-மேனோஸ், பொட்டாசியம் மெக்னீசியம் சிட்ரேட் ஆகியவற்றைக் கலந்த பொடிப் பாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்தானது என்பதால், அவர்கள் இத்தகைய கலவைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மாத்திரைக்குப் பதில் ஜூஸோ, காய்ந்த கிரான்பெர்ரியோ, நம் ஊர்க் களாக்காயோ சாப்பிட்டால் போதாதா?

ஜூஸ் வகையும் சோதனைகளில் பயன்பட்டதுதான், ஆனால் இங்கே அட்டைப் பெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரை சேர்த்த பானம். அதைத் தினமும் குடித்தால் சர்க்கரை நோயாளிக்கு வேறு சிக்கல் வரும். காய்ந்த பழத்திலும் சர்க்கரைப் பாகு ஏற்றியிருப்பார்கள். களாக்காய் வேறு செடியின் காய். ஊறுகாய்க்கு அருமையானது, ஆனால் கிரான்பெர்ரியில் கண்ட முடிவுகளை அதன் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது.

மாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில், சிறுபீளை, நீர்முள்ளி எல்லாம் தருகிறார்கள். என் பாட்டி வாழைத்தண்டுச் சாறுதான் கொடுப்பார். இவை பலிக்குமா?

இவற்றுக்குச் சித்த மருத்துவத்தில் நீண்ட பயன்பாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவை, கல்லடைப்புக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கும் வழக்கம் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் நெருஞ்சில், சிறுபீளை, வாழைத்தண்டு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி சிறுநீர் பெருக்குவதையும் கல் உருவாவதையும் பற்றியவை. அவற்றிலும் பல எலிகளில் நடந்தவை. மீண்டும் மீண்டும் தொற்று வரும் பெண்களைப் பிரித்து, ஒரு சாராருக்கு நெருஞ்சிலும் மறு சாராருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்து, கல்ச்சர் செய்து எண்ணிப் பார்த்த நல்ல சோதனைகள், கிரான்பெர்ரிக்கு இருப்பதைப் போல, இவற்றுக்கு இல்லை.

ஆனாலும் நெருஞ்சில் தண்ணீர் குடித்தால் இதமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் கற்பனையாகச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் கஷாயம் குடிப்பவர் ஒரு லிட்டர் தண்ணீரையும் சேர்த்தே குடிக்கிறார். அந்தத் தண்ணீரின் பயனுக்கு உறுதியான சான்று இருக்கிறது. பல்கேரியாவில் நடந்து 2018-இல் வெளியான ஒரு சோதனையில், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகத் திரவம் குடித்து, தொற்றால் அவதிப்பட்ட 140 பெண்களில் பாதிப்பேரை, வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் செய்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. வெறும் தண்ணீர் தொற்றைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்திருக்கிறது; விலை கொடுத்து வாங்கும் கிரான்பெர்ரி காப்ஸ்யூலைவிடவும் இது மேலான கணக்கு. (இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறால் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.)

கஷாயம் குடிப்பவர்கள் இரண்டை மட்டும் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். காய்ச்சல் வந்த பிறகும் 'இன்னும் மூன்று நாள் கஷாயம் குடித்துப் பார்க்கிறேன்' என்று காத்திருந்தால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிடும்.

டி-மேனோஸ் நல்லது என்று என் மகள் ஆன்லைனில் வரவழைத்திருக்கிறாள். அதைத் தொடரலாமா?

பணத்தை மிச்சப்படுத்துங்கள். அது பழங்களிலும் காணப்படும் ஒரு வகைச் சர்க்கரை. ஈ.கோலையின் பிடிமானத்தைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதாகவே இருந்தது. ஆனால் பிரிட்டனில் 598 பெண்களிடம் தினம் 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2024-இல் வெளியான சோதனையில், போலி மருந்து எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆன்லைனில் 'ஊவா ஊர்சி' அல்லது பேர்பெர்ரி இலை என்றொரு ஐரோப்பிய மூலிகையும் விற்கிறார்கள். அதைக் கட்டாயம் தவிருங்கள். ஜெர்மனியில் அதை ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டபோது ஆன்டிபயாடிக் பயன்பாடு குறைந்தது உண்மைதான். ஆனால் தொந்தரவு கூடுதலாக நீடித்தது, சிறுநீரகத்துக்குத் தொற்று ஏறியவர்களும் மூலிகை எடுத்த பக்கத்தில்தான் அதிகம்.

நான் ஜவுளிக்கடையில் நின்று வேலை செய்கிறேன். வயது 38. போன வருடம் மூன்று முறை வந்தது. என்ன வரிசையில் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

முதலில் அந்த மூன்றும் தொற்றுதானா என்று பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவரச் சொல்வேன். இரண்டிலாவது கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்து, கிருமிகளின் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்று இருந்தால் சந்தேகமில்லை. அதன்பின் சர்க்கரை அளவையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பார்த்து, தேவைப்பட்டால் கல்லோ அடைப்போ இருக்கிறதா என்று ஒரு அல்ட்ராசவுண்ட் எடுப்போம். கழித்த பிறகும் சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் அப்போதே அளக்கச் சொல்ல வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், அடுத்து உங்கள் நாளைப் பார்ப்போம். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை கழித்து, பிறகு இரவு வீட்டுக்கு வந்துதான் கழிக்கிறேன், கழிவறை மாடியில் இருப்பதாலும் கூட்ட நேரத்தில் விடமாட்டார்கள் என்பதாலும் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை என்றால், தொற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. (கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. உட்கார விட்டால் மட்டும் போதாது, எழுந்து போகவும் விட வேண்டும்.) மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பதும், வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூட்டிக் குடிப்பதும் முதல் படி. வியர்வை அதிகமான மாதங்களில் அளவைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது நல்ல பழக்கம். விந்தணுவை அழிக்கும் மருந்து தடவிய ஆணுறை தொற்றைக் கூட்டும் என்பதால், அதற்கு மாற்று தேடலாம்.

இவற்றோடு சேர்த்துத்தான் கிரான்பெர்ரி. 36 மில்லிகிராம் PAC உள்ள காப்ஸ்யூலை நாள் தவறாமல் ஆறு மாதம் எடுத்துப் பாருங்கள். தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எரிச்சல் வந்த நாள், கல்ச்சர் கொடுத்த நாள், முடிவு ஆகிய மூன்றும் போதும். ஆறு மாதத்தில் ஒருமுறையோ, வராமலோ இருந்தால் தொடரலாம். முன்பு போலவே வந்துகொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் வழியிருக்கிறது: மெத்தனமைன் என்ற ஆன்டிபயாடிக் அல்லாத மாத்திரை, அல்லது குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கைச் சில மாதம் எடுப்பது. இவற்றை மருத்துவர்தான் தொடங்க வேண்டும்.

அம்மாவுக்கு 68 வயது. அவருக்கும் அடிக்கடி வருகிறது. அதே காப்ஸ்யூலைக் கொடுக்கலாமா?

முதியோரில் கிரான்பெர்ரிக்கு நல்ல முடிவு கிடைக்கவில்லை. முதியோர் இல்லங்களில் வசிப்பவர்களிடம் பயன் தெரியவில்லை என்றே காக்ரேன் ஆய்வும் சொல்கிறது. 2016-இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட பெண்களுக்கு 72 மில்லிகிராம் PAC கொடுத்துப் பார்த்ததிலும் வேறுபாடு இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிவதே பல நேரங்களில் காரணம் என்பதால், அங்கே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பே அவர்களுக்குக் கூடுதலாக உதவும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, மகள்கள் காப்ஸ்யூலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மகப்பேறு மருத்துவரிடம் அம்மாவை அழைத்துப் போங்கள். இன்னொன்று: முதியவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி தெரிந்தால், பொதுவாக அதற்கு மருந்து வேண்டியதில்லை.

யார் கிரான்பெர்ரி எடுக்கக் கூடாது?

வால்வு மாற்றிய பிறகோ, இரத்தம் உறைவதைத் தடுக்கவோ வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இரத்தக் கசிவு கூடியதாகச் செய்திகள் வந்ததால், பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்பே இது குறித்து எச்சரித்திருக்கிறது. ஆக்ஸலேட் வகைக் கல் வந்தவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்புப் பயன் நிறுவப்படவில்லை.

எந்த நிலையில் உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

குளிரும் நடுக்கமும் கொண்ட காய்ச்சல், ஒரு பக்க விலாவுக்குக் கீழ் முதுகில் வலி, வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும்; தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். இரவானாலும் அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஆண்கள், குழந்தைகள், சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்கள் ஆகியோருக்குச் சாதாரண எரிச்சலானாலும் வீட்டு வைத்தியத்தில் காத்திருக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போனாலும், தொற்று தீர்ந்த பிறகும் இரத்தம் நீடித்தாலும் சிறுநீரியல் நிபுணர் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு வலியில்லாமல் இரத்தம் போவது புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். மருந்து முடித்த இரண்டு வாரத்துக்குள் அதே கிருமி திரும்ப வளர்ந்தால், அது புதிய தொற்றாக இல்லாமல், பழைய கிருமி எங்கோ ஒளிந்திருப்பதாக இருக்கலாம். கல்லைத் தேட வேண்டும்.

போன முறை எழுதிய சீட்டைக் காட்டி அதே ஆன்டிபயாடிக்கை மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டால் என்ன?

போன முறை கேட்ட மருந்துக்கு இந்த முறை கிருமி கட்டுப்படும் என்ற உறுதி இல்லை. நம் நாட்டில் ஈ.கோலையில் பெரும்பகுதி நார்ஃப்ளோக்ஸாசின், சிப்ரோஃப்ளோக்ஸாசின் வகைக்குக் கட்டுப்படாமல் போய்விட்டது. எளிதில் வாங்கக் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம். எரிச்சலைக் குறைக்கத் தரும் சிட்ரேட் சிரப் கிருமியைக் கொல்லாது. மாத்திரையின் முதல் வேளையைப் போட்டுவிட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம் என்பதால், முதலில் சிறுநீரைக் கொடுத்துவிட்டு, அன்றே மருத்துவர் தரும் மருந்தைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் வரும் ரிப்போர்ட்டில், உங்களுக்கு எழுதிய மருந்தின் பெயருக்கு நேரே, கிருமி கட்டுப்படும் என்பதைக் குறிக்கும் S இருந்தால் அதையே முடியுங்கள். கட்டுப்படாது என்பதைக் குறிக்கும் R இருந்து தொந்தரவும் குறையவில்லை என்றால், அந்த ரிப்போர்ட்டோடு அன்றே திரும்பி வாருங்கள்.